அங்கே கணக்கில் வராத ஊசியை இங்கே ஏன் போட வேண்டும்?

*டாக்டரம்மாவுக்கு வணக்கம். கோத்தகிரியில் அம்மா வீட்டில் இருக்கிறேன். மகள் 2025 அக்டோபர் 8ஆம் தேதி பிறந்தாள். அவள் அப்பா இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்தில் நர்ஸாக வேலை பார்க்கிறார். ஜூலை 27ஆம் தேதி நானும் குழந்தையும் அங்கே போகிறோம். இதுவரை எல்லா ஊசியும் ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் போட்டோம். மூன்றாவது ஊசி மட்டும் பொங்கல் சமயத்தில் சளி, காய்ச்சல் என்று மூன்று வாரம் தள்ளிப் போனது. ஒன்பதாம் மாத ஊசி ஜூலை 8ல் வருகிறது. அங்கே இருக்கும் சிநேகிதி ஒருத்தி, "அந்த ஊசியை இங்கே கணக்கிலேயே எடுக்க மாட்டார்கள், வீணாகக் குழந்தையை அழவிடாதே" என்கிறாள். அண்ணியோ, தனியார் கிளினிக்கில் காசு கொடுத்து எம்எம்ஆர் போட்டால் ஏற்றுக்கொள்வார்கள் என்கிறார். என்ன செய்வது? அங்கே போனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து போடுவார்களா? என்னென்ன காகிதம் கொண்டு போக வேண்டும்?*

*— கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகி*

உங்கள் சிநேகிதி சொன்ன தகவல் சரி, முடிவுதான் தவறு. ஜூலை 8ஆம் தேதி புதன்கிழமை. வழக்கமான தடுப்பூசி நாள்தான். அன்றைக்கே போட்டுவிடுங்கள்.

ஒன்பதாம் மாதம் இங்கே போடுவது எம்ஆர், அதாவது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்குமான ஊசி. இங்கிலாந்தில் முதல் பிறந்த நாளுக்கு முன்னால் போட்ட தட்டம்மை ஊசியைக் கணக்கில் எடுப்பதில்லை. அது இந்திய ஊசி என்பதால் அல்ல, அங்கேயே பத்தாம் மாதத்தில் போட்டிருந்தாலும் இதே கதைதான். காரணம் குழந்தையின் வயது.

தட்டம்மை ஊசியில் இருப்பது உயிருள்ள, வலுக்குறைத்த வைரஸ். அது குழந்தையின் உடம்பில் கொஞ்சம் பெருகினால்தான் உடம்பு அதை அடையாளம் கண்டு எதிர்ப்பைக் கற்றுக்கொள்ளும். ஆனால் பிறக்கும்போது தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் பல மாதங்கள் குழந்தையின் ரத்தத்தில் தங்கியிருக்கும். அது மிச்சமிருக்கும் நேரத்தில் ஊசி போட்டால், பாடம் தொடங்குவதற்குள் வாத்தியாரையே வெளியே தள்ளிவிடும். ஒன்பது மாதத்தில் போட்டால் 100 குழந்தைகளில் சுமார் 85 பேருக்குத்தான் எதிர்ப்பு உருவாகும், ஒரு வயதுக்குப் பிறகு போட்டால் சுமார் 95 பேருக்கு உருவாகும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு.

அப்படியென்றால் நம் ஊரில் ஏன் காத்திருக்காமல் போடுகிறோம்? தட்டம்மை ஒரு வயதுக்குள் வந்தால்தான் அதிக ஆபத்து. நோய் சுற்றிக்கொண்டிருக்கும் நாட்டில் ஒரு வயது வரை பொறுத்திருக்க முடியாது. அதனால் 85 கிடைத்தாலும் போதும் என்று முன்னதாகவே போட்டு, விடுபட்டவர்களைப் பிடிக்க 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது டோஸ் வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தோ நோய் குறைவு என்ற நம்பிக்கையில் ஒரு வயதில் தொடங்குகிறது. இரண்டு நாடும் தங்கள் நிலைமைக்கு ஏற்றபடி கணக்குப் போட்டிருக்கின்றன. இரண்டுமே சரி.

ஆனால் உங்கள் மகள் இரண்டு கணக்குக்கும் நடுவில் நிற்கிறாள். ஜூலை 8ல் ஊசியை விட்டுவிட்டால், அங்கே அக்டோபர் 8க்கு முன் வழக்கமாகப் போட மாட்டார்கள். முழுதாக மூன்று மாதம் வெறுங்கையோடு இருப்பாள். அந்த மூன்று மாதத்தில்தான் கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ விமான நிலையக் கூட்டம், மூடிய விமானத்தில் நீண்ட பயணம், புது ஊர், குழந்தைகள் நிறைந்த விளையாட்டுக் கூடங்கள் எல்லாம் வருகின்றன. இங்கிலாந்தில் தட்டம்மை ஒழிந்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். 2024ஆம் ஆண்டில் மட்டும் அங்கே ஆய்வகத்தில் உறுதியான தட்டம்மை நோயாளிகள் 2,900க்கும் மேல். கணக்கில் வராது என்பது அவர்களுடைய பதிவேட்டைப் பற்றிய பேச்சு. குழந்தையின் உடம்பு அதற்குள் பாதுகாப்பைச் சேர்த்துக்கொண்டிருக்கும்.

தேதிகளும் உங்களுக்குச் சாதகமாகவே அமைந்திருக்கின்றன. ஊசி போட்டு இரண்டு வாரத்துக்குள் எதிர்ப்பு ஓரளவு வந்துவிடும், 27ஆம் தேதி விமானம் என்றால் 19 நாள் இடைவெளி இருக்கிறது. இன்னொன்று. எம்ஆர் போட்ட அன்று பெரிதாக ஒன்றும் தெரியாது; ஏழாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாள் வரை சிலருக்கு லேசான காய்ச்சலும் மெல்லிய தடிப்பும் வரும். அது ஜூலை 15க்கும் 20க்கும் இடையில், நீங்கள் இன்னும் அம்மா வீட்டில் இருக்கும்போதே வந்து போய்விடும். பயணத்துக்கு இரண்டு நாள் முன்னால் போட்டிருந்தால், போய் இறங்கிய வாரத்தில் குழந்தைக்குக் காய்ச்சல், உங்களுக்குப் பீதி.

அண்ணியின் யோசனைக்கு வருவோம். தனியார் கிளினிக்கில் எம்எம்ஆர் போட்டால் பொன்னுக்கு வீங்கிக்கான பாதுகாப்பும் சேரும், உண்மைதான். ஆனால் ஒன்பதாம் மாதத்தில் போட்ட எம்எம்ஆரும் அங்கே கணக்கில் சேராது, வயதுதான் தடை என்று சொன்னேனே. அக்டோபரிலும் அதன் பிறகும் அவளுக்கு எப்படியும் பொன்னுக்கு வீங்கி பாதுகாப்போடு சேர்த்து இரண்டு டோஸ் கிடைக்கும். அந்தக் காசில் ஒரு நல்ல மழைக்கோட்டு வாங்குங்கள். லீட்ஸும் நம் ஊர் மாதிரிதான், நனைக்கும்.

"அப்படியானால் இங்கேயே ஒரு வயது முடிந்து போட்டுவிட்டுப் போகலாமா" என்று கேட்டு ஒரு தாத்தா என்னிடம் வந்தார். ஒரு வயது முடிந்து போட்ட எம்ஆர் என்றால் தட்டம்மை, ரூபெல்லா இரண்டும் கணக்கில் வரும், பொன்னுக்கு வீங்கி மட்டும் பாக்கி நிற்கும். ஆனால் அதற்காகப் பயணத்தைத் தள்ளிவைப்பது அர்த்தமில்லாதது.

சரி, முதலிலிருந்து போடுவார்களா? அது பெரும்பாலும் நீங்கள் கொண்டு போகும் காகிதத்தைப் பொறுத்தது. அங்கே விதி எளிமையானது: எழுத்துப் பதிவோ நம்பத்தகுந்த வாய்மொழி விவரமோ இல்லையென்றால் குழந்தைக்கு ஊசி போடவில்லை என்றே எடுத்துக்கொண்டு முழு வரிசையையும் திட்டமிடுவார்கள். பதிவு இருந்தால், விட்ட இடத்திலிருந்து தொடருவார்கள். இடைவெளி நீண்டதற்காக மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பது கிடையாது. உங்கள் குழந்தையின் அட்டையை அங்குள்ள நர்ஸ் எப்படிப் படிப்பார் என்று பார்த்துவிடலாம்.

நீங்கள் எழுதியதை வைத்து நான் போட்ட கணக்கு இது. பிறந்ததும் பிசிஜி, போலியோ சொட்டு, மஞ்சள் காமாலை பி. ஆறாவது வாரம் 2025 நவம்பர் 19, பத்தாவது வாரம் டிசம்பர் 17. பதினாலாவது வாரம் 2026 ஜனவரி 14ல் வந்திருக்க வேண்டும், போகிப் பண்டிகை நாள். நீங்கள் மூன்று வாரம் தள்ளி பிப்ரவரி 4ல் போட்டிருப்பீர்கள். இந்த மூன்று தடவையும் பென்டா என்ற ஒரே ஊசியில் தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி, மஞ்சள் காமாலை பி, ஹிப் கிருமி ஆகிய ஐந்துக்கும் பாதுகாப்பு கிடைத்திருக்கிறது. கூடவே வாயில் ரோட்டா, போலியோ சொட்டு. ஆறாவது வாரத்திலும் மூன்றாவது தடவையிலும் நிமோனியா ஊசியும் போலியோ ஊசியும்.

பொங்கலுக்குத் தள்ளிப் போன மூன்று வாரத்தைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். இந்த ஊசிகளுக்கு இடைவெளி நான்கு வாரத்துக்குக் குறையக் கூடாது என்பதுதான் கவனிக்க வேண்டியது. அதிகமானால் பாதுகாப்பு முழுமையாவது தாமதமாகும், போட்ட டோஸ் செல்லாமல் போகாது. சொல்லப்போனால் இங்கிலாந்துக் குழந்தைகள் 8, 12, 16 வாரத்தில் போட்டுக்கொள்கிறார்கள். உங்கள் மகள் மூன்றாவதைப் போட்டது 17ஆம் வாரத்தில்.

நம் பென்டாவில் இருக்கும் கக்குவான் பகுதி முழுக் கிருமியிலிருந்து செய்தது, அங்கே பயன்படுத்துவது கிருமியின் சில துண்டுகளை மட்டும் வைத்துச் செய்தது. நம் ஊசிக்குக் காய்ச்சலும் வீக்கமும் அதிகம். ஆனால் இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்றாகச் செல்லும், பென்டாவை அப்படியே மூன்று டோஸாக ஏற்பார்கள்.

போலியோ வரியைப் பார்த்ததும்தான் நர்ஸ் பேனாவைக் கீழே வைப்பார். அந்த ஒரு வரியில்தான் பல குடும்பங்கள் குழம்புகின்றன, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். போலியோ வைரஸில் மூன்று வகை உண்டு. முன்பு சொட்டு மருந்தில் மூன்றும் இருந்தன. இரண்டாம் வகை இயற்கையில் ஒழிந்துவிட்டது என்று உறுதியானதும், 2016 ஏப்ரலில் உலகம் முழுவதும் சொட்டு மருந்திலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். இப்போது நம் குழந்தைகளுக்குக் கிடைக்கும் சொட்டில் ஒன்றாம், மூன்றாம் வகைகள் மட்டுமே. அதனால் 2016 ஏப்ரலுக்குப் பிறகு கொடுத்த சொட்டு மட்டும் பதிவாகியிருந்தால், அந்தக் குழந்தைக்கு இரண்டாம் வகைப் பாதுகாப்பு இல்லை என்றே அங்கே கருதுவார்கள். 2022ல் லண்டன் கழிவுநீரில் இரண்டாம் வகை வைரஸ் தென்பட்டு, அங்கே ஒன்று முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளுக்குக் கூடுதல் டோஸ் போட்டார்கள். அதனால் அவர்கள் இதில் கண்ணும் கருத்துமாக இருப்பது இயல்பு.

உங்கள் மகளுக்கு அந்த இரண்டாம் வகையைக் கொடுத்தது சொட்டு மருந்து இல்லை, அட்டையில் எஃப்-ஐபிவி என்று எழுதியிருக்கும் ஊசி. முழு டோஸ் 0.5 மில்லி, தசையில் போடுவது. நம் அரசுத் திட்டத்தில் அதில் ஐந்தில் ஒரு பங்கை, 0.1 மில்லியை, தோலுக்குள்ளேயே போடுகிறோம். தோலில் எதிர்ப்பைத் தூண்டும் செல்கள் நிறைய இருப்பதால் கொஞ்சம் மருந்தே வேலை செய்யும். ஆறாவது வாரம், பதினாலாவது வாரம் என்று இரண்டு டோஸ் இருந்தது. 2023 ஜனவரியிலிருந்து ஒன்பதாம் மாதத்தில் மூன்றாவதும் சேர்ந்திருக்கிறது. ஜூலை 8ல் அதுவும் போடுவார்கள். அட்டையில் இருக்கும் அந்தச் சின்ன 'எஃப்' என்ற எழுத்தை அங்கே நர்ஸ் கவனிக்கலாம், கவனிக்காமலும் போகலாம். அதனால் உங்கள் ஆங்கிலச் சான்றில் "0.1 மில்லி, தோலுக்குள், மூன்று டோஸ்" என்று விளக்கமாக எழுதி வாங்குங்கள். அப்படியும் அவர்கள் போலியோவுக்காக, பென்டாவின் ஐந்தோடு போலியோவும் சேர்ந்த ஒரு ஆறு-நோய் ஊசியைக் கூடுதலாகப் போடலாம் என்று சொன்னால் சண்டை போடாதீர்கள். ஏற்கெனவே பாதுகாப்பு இருக்கும் குழந்தைக்கு ஒரு டோஸ் கூடினால் ஊசி போட்ட இடம் கொஞ்சம் அதிகமாகச் சிவந்து வீங்கலாம், அவ்வளவுதான். போலியோ முகாமில் கொடுத்த சொட்டுகளையும் சான்றில் எழுதச் சொல்லுங்கள், பொய் எதுவும் இல்லாமல் முழுக் கதையும் இருப்பது நல்லது.

மற்றவை சீக்கிரம் முடிந்துவிடும். பிசிஜி இடது தோளில் தழும்பாக இருக்கும். இந்தியப் பெற்றோரின் குழந்தை என்பதால் அங்கே அதைப் பற்றிக் கேட்பார்கள், தேதியைக் காட்டினால் போதும், மறுபடி போடக்கூடாத ஊசி அது. ரோட்டா அங்கே 24 வாரத்துக்கு மேல் கொடுக்கவே மாட்டார்கள், எனவே அந்தப் பேச்சே வராது. நிமோனியா ஊசியை நாம் ஒன்பதாம் மாதத்தில் பூஸ்டராகப் போடுகிறோம், அவர்கள் ஒரு வயதில். ஜூலையில் போட்டதை மதித்தாலும் அக்டோபரில் இன்னொன்று வரும், தயங்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.

அங்கே புதிதாக வருவது மெனிஞ்சைட்டிஸ் பி என்ற மூளைக்காய்ச்சல் ஊசி. நம் அரசு அட்டவணையில் அது இல்லை. அங்குள்ள குழந்தைகள் 8, 12 வாரத்திலும் பிறகு ஒரு வயதிலும் போட்டுக்கொள்கிறார்கள். உங்கள் மகள் பத்தாம் மாதத்தை நெருங்கும்போது போய்ச் சேருவதால், எத்தனை டோஸ், எந்த இடைவெளி என்பது முதல் ஊசி பிறந்த நாளுக்கு முன்னால் எப்போது போடப்படுகிறது என்பதைப் பொறுத்து மாறும். ஆனால் இரண்டு வயதுக்கு மேல் அதைப் போட மாட்டார்கள், ஆகவே தள்ளிப் போட வேண்டாம். அந்த ஊசிக்குச் சின்னக் குழந்தைகளுக்குக் காய்ச்சல் வருவது சாதாரணம் என்பதால் பாராசிட்டமால் கொடுக்கச் சொல்லி அவர்களே சொல்வார்கள். இங்கே பக்கத்து வீட்டுப் பாட்டி கொடுக்கச் சொல்லும் அளவை விட்டுவிட்டு அவர்கள் சொல்லும் அளவைக் கேளுங்கள்.

பிறந்த நாளான அக்டோபர் 8 முதல், அவள் அங்குள்ள வரிசையிலேயே போகலாம். 2025 ஜனவரி 1க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்கு அங்கே தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லாவோடு சின்னம்மையும் சேர்ந்த நான்கு-நோய் ஊசியை ஒரு வயதிலும் ஒன்றரை வயதிலும் போடுகிறார்கள். ஜூலையில் போட்ட எம்ஆருக்கும் இதற்கும் நான்கு வார இடைவெளி போதும், உங்களுக்கு மூன்று மாதமே இருக்கிறது. ஒன்றரை வயதில், 2027 ஏப்ரலில், ஆறு-நோய் ஊசியின் நான்காவது டோஸும் வரும். நம் ஊர் வரிசையில் 16 முதல் 24 மாதத்துக்குள் வரும் டிபிடி பூஸ்டருக்கு அதுவே பதில். அடுத்த பூஸ்டர் மூன்று வயது நான்கு மாதத்தில், நம் ஊரில் ஐந்து வயதுக்கு மேல். பாட்டியைப் பார்க்க விடுமுறைக்கு வரும்போது, "இங்கே ஐந்து வயது ஊசி போடணும்" என்று அக்கறையோடு கூட்டிப் போய் இரட்டிப்பாகப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாட்டின் வரிசையைப் பிடித்தால் அதையே பிடித்துக்கொண்டு போவதுதான் நல்லது.

இனிக் காகிதம். இதில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள் என்று இத்தனை வருடத்தில் பார்த்துவிட்டேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு குடும்பம் வெளிநாடு போனது. குழந்தைக்கு ஒன்றரை வயது, எல்லா ஊசியும் போட்டவன். அப்பா அட்டையின் ஒரு பக்கத்தை மட்டும் போனில் படம் எடுத்துக்கொண்டு, அட்டையைச் சொந்த ஊரிலேயே பத்திரமாக வைத்துவிட்டார். அந்தப் படத்தில் பெயர் இருந்த பக்கம் இல்லை. ஊசிப் பக்கத்தில் சில கட்டங்களில் தேதி, சில கட்டங்களில் வெறும் டிக் மட்டும். அங்கே அவர்கள் என்ன செய்வார்கள்? போடவில்லை என்றே எடுத்துக்கொண்டு ஆரம்பித்தார்கள். நான் மறுபடி எழுதி அனுப்பிய கடிதம் போய்ச் சேர்வதற்குள் இரண்டு தடவை ஊசி போட்டாயிற்று. தேதி இல்லாத டிக் ஊசியாகாது. அந்த டிக்கில் ஒன்று என் கையால் போட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன், கூட்டமான நாள், அவசரம். அன்றிலிருந்து என் கிளினிக்கில் டிக்கே கிடையாது.

உங்கள் தாய் சேய் நல அட்டையை இன்றே எடுத்து, நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொரு கட்டமாகப் பாருங்கள். மலைக்காற்றின் ஈரத்தில் பேனா மை கசிந்து ஒட்டியிருந்தால், இங்கே இருக்கும்போதே உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் காட்டி அவர் பதிவேட்டைப் பார்த்துத் திருத்தி எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். நீங்களே மேலே எழுதிவிடாதீர்கள். நல்லெண்ணத்தில் எழுதினாலும் வேறு கையெழுத்து, வேறு மை என்றால் முழு அட்டையுமே சந்தேகத்துக்கு ஆளாகும்.

அப்புறம் பெயர். அட்டை எழுதும்போது குழந்தைக்குப் பெயர் வைத்திருக்க மாட்டார்கள், பல அட்டைகளில் "இன்னாரின் குழந்தை" என்று அம்மா பெயரோடுதான் இருக்கும். பாஸ்போர்ட்டிலோ அவள் பெயரோடு அப்பாவின் முழுப் பெயரும் நீட்டி எழுதப்பட்டிருக்கும். இங்கே நமக்கு அது ஒரே குழந்தை என்று தெரியும். அங்கே இருப்பவருக்கு இரண்டு வேறு ஆட்கள். அட்டையிலேயே பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரைச் சேர்த்து மருத்துவ அலுவலரிடம் கையெழுத்து வாங்குங்கள். பிறந்த தேதியும் பிறப்புச் சான்றிதழோடு ஒத்துப் போகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது யூ-வின். மத்திய அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளம். உங்கள் செவிலியர் அதில் குழந்தையைப் பதிந்திருந்தால், நீங்கள் கொடுத்த மொபைல் எண்ணில் நுழைந்து கியூஆர் குறியோடு ஆங்கிலச் சான்றை இறக்கிக்கொள்ளலாம். பதிவில் எல்லா டோஸும் ஏறியிருக்கிறதா என்று அட்டையை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள், பழைய டோஸ்கள் விடுபட்டிருப்பது சகஜம். கர்ப்பத்தில் கொடுத்த பிக்மி எண்ணைக் கையில் வைத்திருந்தால் செவிலியருக்குத் தேடுவது சுலபம். அந்த மொபைல் சிம் இங்கேயே அண்ணனிடம் போய்விட்டால் பிறகு நுழைய முடியாமல் தவிப்பீர்கள். ஆகவே போவதற்கு முன்பே இறக்கி அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் மேலாக, ஒரே தாளில் ஒரு ஆங்கிலக் கடிதம் வேண்டும். ஜூலை 8 ஊசி முடிந்த பிறகு, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரிடமோ உங்கள் குழந்தை மருத்துவரிடமோ கேளுங்கள். ஒவ்வொரு வரியிலும் ஊசியின் பெயர், அது எந்த நோய்களுக்கு, எத்தனையாவது டோஸ், தேதி, எந்த வழியில் போட்டது என்று இருக்க வேண்டும். தேதியில் மாதத்தை எண்ணாக எழுதாமல் பெயராக எழுதச் சொல்லுங்கள், எட்டாம் மாதம் பத்தாம் தேதியா, பத்தாம் மாதம் எட்டாம் தேதியா என்ற குழப்பம் வராது. வெறும் "பென்டா" என்று எழுதினால் அங்கே புரியாமல் போகலாம், ஐந்து நோய்களையும் பெயர் சொல்லி எழுத வேண்டும். எம்ஆரை வெறும் தட்டம்மை என்று எழுதிவிடாமல் ரூபெல்லாவையும் சேர்க்கச் சொல்லுங்கள். கீழே மருத்துவரின் பெயர், பதிவு எண், முத்திரை, கையெழுத்து.

இதில் விசாவையும் கலக்க வேண்டாம். இங்கிலாந்து விசாவுக்குக் குழந்தையின் தடுப்பூசிப் பதிவைக் கேட்பதில்லை. ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் போகிறவர்களுக்குக் காசநோய் சான்றிதழ் வேண்டும், அது அவர்கள் அங்கீகரித்த கிளினிக்கில் மட்டுமே கிடைக்கும், தடுப்பூசி அட்டை அதற்கு ஈடாகாது. குழந்தைக்கு எக்ஸ்ரே கிடையாது, ஆனால் டாக்டர் பார்த்து அவளுக்கும் சான்று கொடுக்க வேண்டும். 27ஆம் தேதிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறீர்கள் என்றால் இது ஏற்கெனவே முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அட்டை, கடிதம், யூ-வின் அச்சு, பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போடாதீர்கள். அட்டையின் எல்லாப் பக்கங்களையும், காலியான பக்கம் உட்பட, படம் எடுத்து உங்கள் கணவருக்கு இப்போதே அனுப்பிவிடுங்கள். அவர் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஜிபி, அதாவது குடும்ப மருத்துவர் கிளினிக்கில் பதிய வேண்டிய படிவத்தை விசாரித்து வைத்திருந்தால், நீங்கள் போய் இறங்கிய முதல் வாரத்திலேயே குழந்தையைப் பதிந்துவிடலாம். அங்கே ஊசி போடுவது பெரும்பாலும் அந்தக் கிளினிக்கின் நர்ஸ்தான், ஐந்து வயது வரை வீட்டுக்கு வந்து பார்க்கும் சுகாதாரச் செவிலியரும் உண்டு. சிவப்பு அட்டை போட்ட ஒரு புத்தகம் கொடுப்பார்கள், நம் தாய் சேய் அட்டையின் அங்குள்ள உறவுக்காரி. அதில் இங்கே போட்ட ஊசிகளையும் அந்த நர்ஸ் எழுதித் தருவாரா என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்.

பதியும் அன்று "இந்த மாதமே மெனிஞ்சைட்டிஸ் பி போட முடியுமா, போலியோவுக்குக் கூடுதலாக எதாவது வேண்டுமா" என்ற இரண்டு கேள்விகளையும் மறக்காமல் கேட்டுவிடுங்கள். மற்றதற்கு அக்டோபர் வரை அவகாசம் இருக்கிறது. ஜூலை 8ஆம் தேதி குழந்தைக்கு லேசான சளி மட்டும் இருந்தால் அதற்காக ஊசியைத் தள்ள வேண்டாம். நல்ல காய்ச்சல் இருந்தால் மட்டும் 15ஆம் தேதி புதன்கிழமைக்கு மாற்றுங்கள். அப்போதும் விமானத்துக்குப் பன்னிரண்டு நாள் மிச்சம் இருக்கும்.